வாடகை வீடும் குடியிருக்கும் வீடும்: வருமான வரிச் சட்டத்தில் பழுதுபார்ப்புக் கழிவும் கடன் வட்டியும்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய வருமான வரிச் சட்டம், வாடகைக்கு விடப்பட்ட வீட்டையும் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்து, வெவ்வேறு கணக்குகளுக்கு உட்படுத்துகிறது. முன்னதற்கு ஆண்டு மதிப்பைக் கணக்கிட்டு, பழுதுபார்ப்பின் பொருட்டு 30 விழுக்காட்டையும் கடன் வட்டி முழுவதையும் கழிக்கிறது. பின்னதற்கு ஆண்டு மதிப்பைச் சுழியெனக் கொண்டு, வட்டிக்கு மட்டும் ஒரு வரம்புடன் இடமளிக்கிறது; புதிய வரி முறையில் அதுவும் இல்லை. ஒரே வீட்டை இருவகையிலும் கணக்கிட்டு, வேறுபாடு எங்கே தோன்றுகிறது, கடன் தீரத் தீர அது எவ்வாறு மாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆண்டு மதிப்பு, வாடகை வருமானம், பழுதுபார்ப்புக் கழிவு, வீட்டுக் கடன் வட்டி, இழப்பு ஈடுசெய்தல், போகியம்

முன்னுரை

மதுரையில் சொந்த வீடு உடைய அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றலாகிறார் எனக் கொள்வோம். அதே நாளில் திருச்சிராப்பள்ளியில் சொந்த வீடு உடைய மற்றொரு பேராசிரியர் மதுரைக்கு மாற்றலாகிறார். இருவரும் ஒருவர் வீட்டை மற்றவருக்கு மாதம் ரூ.15,000 வாடகைக்கு விட்டுக்கொள்கின்றனர். இரு வீடுகளும் ஒத்த மதிப்புடையன. ஒருவர் தரும் வாடகை மற்றவர் தரும் வாடகையால் நேராகிறது. மாற்றலுக்கு முன்பு இருந்த செல்வமே பின்பும் அவர்களிடம் உள்ளது. எனினும் முன்பு இல்லாத ஒரு வரி இப்போது இருவர்மீதும் விழுகிறது. வாடகையாகப் பெற்றது வருமானம் ஆகிவிட்டது; வாடகையாகக் கொடுத்தது, புதிய வரி முறையைப் பின்பற்றுவோர்க்கு, எதிலும் கழிக்க இயலாத சொந்தச் செலவு ஆகிவிட்டது.

இந்த வேறுபாட்டின் வேர் 'ஆண்டு மதிப்பு' என்னும் கருத்தில் இருக்கிறது. இங்குத் தரப்படும் கணக்குகள் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை; பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சார்ந்தவை. 1-4-2026 முதல் அச்சட்டத்தின் இடத்தை 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பிரிவு எண்கள் மாறினும், வீட்டுச் சொத்து வருமானத்தைக் கணக்கிடும் முறையின் அடிப்படை மாறவில்லை.

வரி விழுவது வாடகையின்மீதா, மதிப்பின்மீதா?

வீட்டு வாடகைக்கு வரி என்று பேச்சில் சொன்னாலும், 22ஆம் பிரிவு வரி விதிப்பது வாடகைக்கு அன்று. வீட்டின் ஆண்டு மதிப்புக்கு. அவ்வீடு ஆண்டுதோறும் என்ன வாடகைக்குப் போகும் என நியாயமாக எதிர்பார்க்கலாமோ அதுவே 23ஆம் பிரிவு காட்டும் முதல் அளவு. உண்மையில் பெற்ற வாடகை அதனினும் மிகுதியாயின் மிகுதியான தொகை ஆண்டு மதிப்பாகும். ஆண்டில் சில மாதங்கள் குடிவருவார் இன்றி வீடு காலியாகக் கிடந்து, அக்காரணத்தால் வாடகை குறைந்திருந்தால் மட்டும் குறைந்த அந்த உண்மை வாடகையே ஏற்கப்படும்.

தமிழ்நாட்டில் வழங்கும் போகிய முறை இவ்விதியின் பொருளைத் தெளிவாக்கும். வீட்டுக்காரர் ஐந்து இலட்சமோ எட்டு இலட்சமோ மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, மூன்று ஆண்டுகள் வாடகையின்றி வீட்டை ஒப்படைக்கிறார். கெடு முடிந்ததும் தொகையைத் திருப்பித் தருகிறார். மாத வாடகை இல்லை. ஆகவே வரியும் இல்லை எனப் பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. உண்மை வாடகை சுழியாயினும், அத்தெருவில் அத்தகைய வீடு பெறக்கூடிய வாடகை ஆண்டு மதிப்பாக நிற்கிறது. மாறாக, வழக்கமான வாடகையோடு பத்து மாத முன்பணம் பெற்றவரின் நிலை வேறு. அம்முன்பணம் ஈட்டியிருக்கக்கூடிய கற்பனை வட்டியை உண்மை வாடகையோடு சேர்த்துக் கணக்கிட இயலாது எனத் தில்லி உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு மோனி குமார் சுப்பா வழக்கில் 2011இல் தீர்ப்பளித்தது. முன்பணத்தை வங்கியில் இட்டுப் பெறும் உண்மையான வட்டி, பிற வருமானமாகத் தனியே வரிக்கு உட்படும் என்பது வேறு செய்தி.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செல்லும் இடங்களில், நியாயமாக எதிர்பார்க்கும் வாடகை அச்சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகையை விஞ்ச முடியாது என ஷீலா கௌஷிஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் கூறியது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நீங்கி, இரு தரப்பும் ஒப்பிய வாடகையையே அடிப்படையாகக் கொள்ளும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அந்த உச்சவரம்பு இங்குத் தன் பயனைப் பெரிதும் இழந்துவிட்டது.

மதிப்புக்கே வரி எனில், சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கும் அது உண்டன்றோ? கொள்கையளவில் உண்டு. தன் வீட்டில் வாழ்பவர் தமக்குத் தாமே வாடகை கொடுத்துக்கொள்கிறார் என்னும் எண்ணத்தில், 1922ஆம் ஆண்டுச் சட்டம் அம்மதிப்பையும் வருமானமாகக் கொண்டது. ஆயினும் அது அவருடைய மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை மீறலாகாது என வரையறுத்தது. பிரிட்டன் தன் நாட்டில் இத்தகைய வரியை 1963இல் கைவிட்டது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழி, 1987–88 மதிப்பீட்டு ஆண்டு முதல், குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு சுழியாயிற்று. இன்று இரு வீடுகள் வரை இச்சலுகை உண்டு. 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திற்குப் பின், எக்காரணத்தாலும் உரிமையாளர் குடியிருக்க இயலாமற்போன வீடும், வாடகைக்கு விடப்படாதவரை, இச்சலுகையைப் பெறும். முன்னுரையில் கண்ட பேராசிரியர்கள் தம் வீடுகளைப் பூட்டிவைத்திருந்தால் வரி இல்லை என்பது இதனாலேயே. வாடகையை இழந்து வரியைத் தவிர்ப்பது ஊதியம் தரும் செயலன்று. ஆயினும் சட்டம் பூட்டிய வீட்டுக்கும் திறந்த வீட்டுக்கும் இடையே எப்பக்கம் சாய்கிறது என்பதை அது காட்டுகிறது.

பழுதுபார்ப்பு: செலவைக் கேட்காத கழிவு

ஆண்டு மதிப்பிலிருந்து முதலில் நீங்குவது உள்ளாட்சி அமைப்புக்குச் செலுத்திய சொத்து வரி. இதற்கு இரு நிபந்தனைகள் உள்ளன: உரிமையாளரே செலுத்தியிருக்க வேண்டும், அந்த ஆண்டிலேயே செலுத்தியிருக்க வேண்டும். நிலுவையாக நிற்கும் வரிக்குக் கழிவு இல்லை. மூன்றாண்டு நிலுவையை ஒரே ஆண்டில் செலுத்தினால் மூன்றாண்டுத் தொகையும் அவ்வாண்டிலேயே கழியும். குடியிருப்பவர் செலுத்திய சொத்து வரியை வீட்டுக்காரர் கழித்துக்காட்டுவது வழக்கமாகக் காணும் பிழைகளுள் ஒன்று.

எஞ்சுவது நிகர ஆண்டு மதிப்பு. 24ஆம் பிரிவு இதில் 30 விழுக்காட்டைக் கழிக்கிறது. மாதம் ரூ.15,000 வாடகை என்றால் ஆண்டுக்கு ரூ.1,80,000, சொத்து வரி ரூ.6,000 நீங்கினால் நிகர ஆண்டு மதிப்பு ரூ.1,74,000, அதில் 30 விழுக்காடு ரூ.52,200. வீட்டுக்காரர் அவ்வாண்டில் ஒரு சுவருக்கும் வெள்ளையடிக்காமல் இருந்தாலும் ரூ.52,200 கழியும். மழையில் ஒழுகிய மொட்டை மாடித் தளத்தை உடைத்து மீண்டும் போட்டு, ஒன்றரை இலட்சம் செலவிட்டிருந்தாலும் அதே ரூ.52,200தான். காப்பீடு, வாடகை வசூலிக்கும் செலவு, தரகு, அடுக்ககச் சங்கத்திற்குத் தரும் பராமரிப்புத் தொகை ஆகியன அனைத்தும் இத்தொகைக்குள் அடங்கிவிட்டதாகவே கொள்ளப்படும். கொத்தனார் தந்த இரசீதைக் கோப்பில் வைத்திருப்பதால் இவ்விடத்தில் பயனில்லை.

இது என்றும் இவ்வாறு இருந்ததில்லை. 1922ஆம் ஆண்டுச் சட்டமும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடக்க வடிவமும் பழுதுபார்ப்புக்கு ஆண்டு மதிப்பில் ஆறில் ஒரு பங்கை ஒதுக்கின. அப்போதும் கழிவு செலவைப் பொறுத்தது அன்று. எனினும் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்ற வினாவைச் சட்டம் எழுப்பியது. குடியிருப்பவரே அப்பொறுப்பை ஏற்றிருந்தால், ஆண்டு மதிப்புக்கும் அவர் தரும் வாடகைக்கும் உள்ள வேறுபாடு, ஆறில் ஒரு பங்கு ஆகிய இரண்டில் குறைந்தது மட்டுமே கழிந்தது. காப்பீட்டுக்கும் நில வரிக்கும் நிலவாடகைக்கும் தனித்தனிக் கழிவுகள் இருந்தன. 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இவற்றையெல்லாம் திரட்டி 30 விழுக்காடு என்னும் ஒரே எண்ணாக்கியது. யார் பழுதுபார்க்கிறார் என்ற வினாவும் இன்று இல்லை. மதிப்பீட்டு அலுவலர் ஒவ்வொரு சுண்ணாம்புக் கணக்கையும் ஆராயும் தேவை ஒழிந்தது மெய்யான நன்மை. அதற்கு ஈடாகப் பழைய வீடு உடையவர் புதிய வீடு உடையவருக்கு மறைமுகமாக விட்டுக்கொடுக்கிறார். ஐந்தாண்டு வயதுடைய அடுக்ககத்துக்கும் ஓட்டுக்கூரையும் மரச்சட்டங்களும் கொண்ட அறுபதாண்டு வீட்டுக்கும் விழுக்காடு ஒன்றே. அதோடு, வாடகை உயர்ந்த நகரத்தில் இத்தொகை மிகுதியாகவும் வாடகை தாழ்ந்த சிற்றூரில் குறைவாகவும் அமைகிறது. சிமெண்டின் விலையோ இரு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றே.

குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவு கிடையாது. சுழியில் 30 விழுக்காடும் சுழியே ஆதலால் இதற்குத் தனித் தடை தேவைப்படவில்லை. ஆனால் பழுதுபார்ப்புக்கென்று கடன் வாங்கினால் நிலை மாறுகிறது. வாடகை வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டி, 30 விழுக்காட்டுக் கழிவுக்கு மேலும், முழுமையாகக் கழியும். மாடித் தளத்துக்கு ஒன்றரை இலட்சத்தைக் கையிருப்பிலிருந்து செலவிட்டவருக்குத் தனிக் கழிவு இல்லை. அதையே 10 விழுக்காட்டு வட்டியில் கடனாகப் பெற்றவருக்கு ஆண்டு வட்டி ஏறத்தாழ ரூ.15,000 கழிவாகிறது. குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடனுக்குப் பழைய வரி முறையில் மட்டும், ஆண்டுக்கு ரூ.30,000 வரை வட்டிக் கழிவு உண்டு, அதுவும் ரூ.2,00,000 என்ற மொத்த வரம்புக்கு உட்பட்டது.

வட்டி: ஒரே கடன், இரு கணக்குகள்

மதுரைப் பேராசிரியர் தம் வீட்டை ரூ.40,00,000 கடனில் வாங்கியவர் என்போம். வட்டி 9 விழுக்காடு, கெடு 20 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ ரூ.35,990. முதலாண்டில் செலுத்தும் சுமார் ரூ.4,32,000இல் வட்டி ரூ.3,57,000, அசலில் கழிவது ரூ.75,000 மட்டுமே. 24ஆம் பிரிவு வட்டியை மட்டும் காண்கிறது. தவணைத் தொகை முழுவதையும் வட்டியாக எழுதிவிடுவது இன்றும் காணும் பிழை. வங்கி ஆண்டிறுதியில் தரும் சான்றிதழில் அசலும் வட்டியும் பிரிக்கப்பட்டிருக்கும். மேலும், சொத்து வரியைப் போலன்றி, வட்டி அந்த ஆண்டுக்கு உரியதாக இருந்தால் போதும். செலுத்தத் தவறியிருப்பினும் கழிவு உண்டு. ஆனால் செலுத்தாத வட்டியின்மேல் ஏறும் வட்டிக்குக் கழிவில்லை என ஷியூ கிஸ்ஸன் பட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்த்துவிட்டது.

அவர் அவ்வீட்டில் குடியிருந்தால், பழைய வரி முறையில் வட்டிக் கழிவு ரூ.2,00,000இல் நின்றுவிடும், இவ்வரம்பு 2014இல் ஒன்றரை இலட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. அதைப் பெறவும் கடன் 1-4-1999 அன்றோ அதன் பின்னரோ வாங்குவதற்கோ கட்டுவதற்கோ பெற்றதாக இருக்க வேண்டும். கடன் பெற்ற நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்தாண்டுக்குள் வீடு முடிந்திருக்க வேண்டும். முடியாவிடில் கழிவு ரூ.30,000 மட்டுமே. எஞ்சிய ரூ.1,57,000 வட்டி எந்த ஆண்டுக்கும் எடுத்துச்செல்லப்படாமல் போய்விடும்.

அவர் அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் வட்டிக்கு வரம்பில்லை. நிகர ஆண்டு மதிப்பு ரூ.1,74,000இல் ரூ.52,200 நீங்கி ரூ.1,21,800 எஞ்சுகிறது. அதிலிருந்து ரூ.3,57,000 வட்டியைக் கழித்தால் ரூ.2,35,200 இழப்பு. இவ்விழப்பைச் சம்பளத்தில் ஈடுசெய்ய 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு வரம்பு வைத்தது, அதுவும் ரூ.2,00,000. ஆகப் பழைய முறையில், குடியிருந்தாலும் வாடகைக்கு விட்டாலும், சம்பளத்திலிருந்து கழிவது ரூ.2,00,000தான். வேறுபாடு ஒன்றே: வாடகைக்கு விட்டவர் ரூ.1,80,000 வாடகையை அவ்வாண்டில் வரியின்றிப் பெற்றுள்ளார்.

மேல்மிச்சமான ரூ.35,200 எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்லத்தக்கது. படிக்கும்போது இது வாடகை வீட்டுக்காரருக்குக் கிடைத்த கூடுதல் பயன்போல் தோன்றும். ஆனால் எடுத்துச்சென்ற இழப்பை வருங்கால வீட்டுச் சொத்து வருமானத்தில் மட்டுமே ஈடுசெய்யலாம், சம்பளத்தில் அன்று. அவ்வருமானம் எப்போது தோன்றும்? வாடகையும் சொத்து வரியும் ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வதாக வைத்து இக்கடனைப் பின்தொடர்ந்தால், முதல் மூன்றாண்டுகளில் முறையே சுமார் ரூ.35,200, ரூ.22,000, ரூ.8,000 மேல்மிச்சமாகிறது, நான்காம் ஆண்டு முதல் இழப்பு இரண்டு இலட்சத்துக்குள் வந்துவிடுகிறது. வட்டியைக் கழித்தபின் வருமானம் முதன்முதலாகத் தலைகாட்டுவது 13ஆம் ஆண்டில். அதற்குள் மூன்று மேல்மிச்சங்களும் முறையே 9, 10, 11ஆம் ஆண்டுகளோடு காலாவதியாகிவிடும். வாடகை உயரவே இல்லை எனில் வருமானம் 17ஆம் ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஒரே வீடும் ஒரே நீண்டகாலக் கடனும் உடையவருக்கு இந்த எட்டாண்டு உரிமை ஏட்டளவில் நிற்பது. கடனற்ற இரண்டாவது வாடகை வீடு உடையவருக்கோ அது உடனே பயன்படும். அவருடைய மற்றொரு வீட்டின் வாடகை அவ்விழப்பை உட்கொள்கிறது.

புதிய வரி முறையில் இக்கணக்கு வேறாகிறது. 115பிஏசி பிரிவின்படி, குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை. வாடகை வீட்டின் வட்டிக்குக் கழிவு உண்டு. ஆனால் அதனால் எழும் இழப்பில் ஒரு ரூபாயையும் சம்பளத்தில் ஈடுசெய்ய இயலாது. ரூ.3,57,000 வட்டியில் ரூ.1,21,800 வாடகை வருமானத்தைச் சுழியாக்கப் பயன்படுகிறது. சம்பளம் தொடப்படாமல் நிற்கிறது. குடியிருந்தாலும் சுழி, வாடகைக்கு விட்டாலும் சுழி.

இம்மாற்றம் வீட்டுக் கடனாளிகளுக்கு இழைத்த தீங்கு எனவே பெரிதும் பேசப்படுகிறது. பணப்பையின் நோக்கில் அது மெய். சட்டத்தின் ஒழுங்கு நோக்கில் வேறொன்றும் சொல்லவேண்டியுள்ளது. ஒரு வருமானத்துக்கு வரி உண்டெனில், அதை ஈட்ட ஏற்ற செலவைக் கழிக்க வேண்டும்; வரி இல்லையெனில் கழிக்கக் காரணம் இல்லை. வாடகை வீட்டின் வட்டி முதல் வகை. குடியிருக்கும் வீட்டின் மதிப்புக்கு வரியை நீக்கிய பின்னும் வட்டியைக் கழிக்கவிட்டது, வீடு வாங்குவதை ஊக்குவிக்கத் தந்த சலுகை. அச்சலுகை கடன் வாங்கியவருக்கு மட்டுமே கிட்டியது. சேமிப்பைக் கொண்டோ பரம்பரையாகவோ வீடு பெற்றவருக்குக் கிட்டவில்லை. புதிய முறை இதை நீக்கி, வருமானமும் சுழி, கழிவும் சுழி என நேராக்கியது. நேராகாமல் விட்டது ஒன்றுண்டு. வாடகை ஈட்டியவரின் மெய்யான இழப்பை மற்றத் தலைப்புகளிலிருந்து அது துண்டித்துவிடுகிறது.

கடன் தீர்ந்தபின் கணக்கு மீண்டும் திரும்புகிறது. வட்டி இல்லாதபோது குடியிருக்கும் வீடு சுழியாகவே நிற்க, வாடகை வீடு ரூ.1,21,800ஐ வருமானத்தில் சேர்க்கிறது. பேராசிரியரின் சம்பளம், நிலையான கழிவு போக, ரூ.13,00,000 எனில், புதிய முறையில் இத்தொகை முழுவதும் 15 விழுக்காட்டு அடுக்கில் விழும். வரி ரூ.18,270, 4 விழுக்காடு கூடுதல் தீர்வை சேர, ஏறத்தாழ ரூ.19,000. முன்னுரையில் கூறிய வீட்டுமாற்றத்துக்கு இருவரும் ஆண்டுதோறும் தரும் விலை இதுவே. பழைய முறையில் இருந்தால் வீட்டு வாடகைப்படி விலக்கு இதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ ஈடுசெய்யக்கூடும். புதிய முறையில் அவ்விலக்கு இல்லை.

மாற்றலாகும் ஆண்டு

இவ்விரு கணக்குகளும் ஒரே ஆண்டில் ஒரே வீட்டில் மோதும்போதுதான் மிகுதியான தவறுகள் நேர்கின்றன. பேராசிரியர் செப்டம்பர் வரை வீட்டில் குடியிருந்து, அக்டோபர் முதல் வாடகைக்கு விடுகிறார். பெற்ற வாடகை ஆறு மாதத்துக்கு ரூ.90,000. ஆண்டறிக்கையில் அதையே காட்டுவது இயல்பு. சட்டப்படி அது பிழை. ஆண்டின் எப்பகுதியிலேனும் வாடகைக்கு விடப்பட்ட வீட்டுக்குச் சுழி மதிப்பு கிடையாது என 23ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கூறுகிறது. எனவே ஆண்டு முழுவதற்குமான எதிர்பார்ப்பு வாடகை ரூ.1,80,000, பெற்ற ரூ.90,000உடன் ஒப்பிடப்பட்டு, மிகுதியானது கொள்ளப்படும். காலியாகக் கிடந்த மாதங்களுக்குரிய சலுகை இங்கு உதவாது. வீடு காலியாக இல்லை, உரிமையாளரே அதில் இருந்தார். தம் வீட்டில் தாம் வாழ்ந்த ஆறு மாதத்துக்கும் அவர் வரி செலுத்த நேர்கிறது.

இதன் மறுபக்கம் வட்டியில் தெரியும். அவ்வாண்டு முழுவதும் வீடு வாடகை வீடாகக் கொள்ளப்படுவதால், ரூ.2,00,000 வட்டி வரம்பு அகன்று வட்டி முழுவதும் கழிவாகிறது. கடன் இளமையாக இருக்கும்போது இது பாதிப்பை விழுங்கிவிடும். கடன் தீர்ந்த வீட்டுக்கோ பாதிப்பு முழுமையாக நிற்கும்: மாற்றல் ஆண்டின் வருமானம் ரூ.1,21,800, பெற்ற வாடகையோ ரூ.90,000. மாற்றல் ஆணை கைக்கு வரும் மாதம் இவர்தம் விருப்பத்தில் இல்லை. இயலுமாயின் குடித்தனக்காரரை ஏப்ரலில் வைப்பது, இல்லையேல் இவ்வாண்டின் கூடுதல் வரியை எதிர்பார்த்து ஒதுக்கிவைப்பது என்ற அளவிலேயே தெரிவுகள் உள்ளன.

வாடகையைக் காட்டாமல் விடுவது இன்று எளிதில் வெளிப்படும். குடியிருப்பவர் வீட்டு வாடகைப்படி விலக்கு கோரும்போது, ஆண்டு வாடகை ரூ.1,00,000ஐத் தாண்டினால் வீட்டுக்காரரின் நிரந்தரக் கணக்கு எண்ணைத் தம் அலுவலகத்தில் தரவேண்டும். அரசுக் குடியிருப்புகள் குறைந்த ஊர்களில் குடித்தனக்காரரும் சம்பளக்காரராகவே இருப்பர். இரு அறிக்கைகளும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன. வாடகையைத் தொழில் வருமானமாகக் காட்டி, வர்ணம் பூசிய செலவையும் காவலர் கூலியையும் கழித்துவந்த வழியும் அடைபட்டுவிட்டது. குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளரின் வருமானத்தை வீட்டுச் சொத்துத் தலைப்பில் மட்டுமே காட்டவேண்டும் என 2024ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது.

வீட்டை விற்கும்போது

வாடகைக் காலத்துக் கணக்கு விற்பனை நாளில் மீண்டும் எழும். கழிவாகப் பெற்ற வட்டியையே வீட்டின் அடக்க விலையிலும் சேர்த்து மூலதன ஆதாயத்தைக் குறைக்கும் வழக்கம் நெடுங்காலம் வழக்குகளுக்கு இடமளித்தது. 24ஆம் பிரிவில் கழித்த வட்டி அடக்க விலையில் சேராது என 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தெளிவுபடுத்தியது. பழுதுபார்ப்பிலும் இத்தகைய ஓர் எல்லை உண்டு. ஒழுகிய தளத்தைச் சீரமைப்பதும் உடைந்த குழாயை மாற்றுவதும் 30 விழுக்காட்டுக்குள் அடங்கியவை. அவை மூலதனச் செலவாகா. மாடியில் புதிதாக ஓர் அறை எழுப்பினால் அது மேம்பாடு. வாடகைக் கணக்கில் அதற்கு இடமில்லை, விற்பனைக் கணக்கில் அடக்க விலையோடு சேரும். குடியிருக்கும் வீட்டுக்கும் இவ்வேறுபாடு ஒன்றே. ஆண்டுக் கணக்கில் பயனற்றவையென முன்பு கூறிய இரசீதுகளுள், மேம்பாட்டுக்கு உரியவற்றை மட்டும் வீடு கைமாறும் நாள்வரை பேணிவைக்க வேண்டும்.